லாக்டுலோஸ்: கூட்டுவதற்கு முன் இரண்டு நாள்

மலச்சிக்கலுக்கு லாக்டுலோஸ் சிரப் வாங்கிப்போனவர்களில் பலர் மறுநாள் காலையிலேயே மருந்தின் மேல் நம்பிக்கை இழந்துவிடுகிறார்கள். இரவு ஒரு மூடி குடித்தாயிற்று, காலையில் ஒன்றும் நடக்கவில்லை, ஆகவே மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுகிறார்கள். அன்றிரவு இரண்டு மூடி. அதற்கடுத்த இரவு மூன்று மூடி. நான்காம் நாள் வயிறு கடமுடவென்று புரண்டு, தண்ணீராகப் போகிறது. பயந்துபோய் பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அடுத்த வாரம் மறுபடியும் சிக்கல், மறுபடியும் பாட்டில். இப்படி மாதக்கணக்கில் சிக்கலுக்கும் பேதிக்கும் நடுவே அல்லாடுகிறவர்கள் ஏராளம். இவர்களுக்குப் பெரும்பாலும் மருந்து தவறாகக் கொடுக்கப்பட்டிருக்காது. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும்தான் அவசரத்தில் நடந்திருக்கும்.

விளக்கெண்ணெய் குடித்துப் பழகிய ஊர் நம்முடையது. குடித்த சில மணி நேரத்தில் வயிற்றைக் கலக்கி வெளியே தள்ளிவிடும் மருந்தைத்தான் பேதி மருந்து என்று நாம் நினைக்கிறோம். லாக்டுலோஸ் அந்த வகையைச் சேர்ந்ததில்லை. அது செய்கிற வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிட்டால், ஏன் இரண்டு மூன்று நாள் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்பதும் தானாகப் புரியும்.

லாக்டுலோஸ் ஒரு சர்க்கரை. பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையிலிருந்து இதைச் செயற்கையாகத் தயாரிக்கிறார்கள். காலக்டோஸ், ஃப்ரக்டோஸ் என்ற இரண்டு சிறு சர்க்கரைகள் கைகோத்து நிற்பதுதான் லாக்டுலோஸ். இந்தக் கையைப் பிரித்துவிட மனிதரின் சிறுகுடலில் எந்த நொதியும் கிடையாது. அதனால் குடித்தது ஏறக்குறைய அப்படியே, ரத்தத்தில் சேராமல், பெருங்குடல் வரை போய்விடுகிறது. அங்கே வாழும் பாக்டீரியாக்களுக்கு இது நல்ல தீனி. அவை இதை நொதிக்கவைத்து லாக்டிக் அமிலம், அசிட்டிக் அமிலம் போன்றவற்றை உண்டாக்குகின்றன. கூடவே கொஞ்சம் காற்றும் உண்டாகிறது. இந்த அமிலங்களும் இன்னும் நொதிக்காமல் மிச்சமிருக்கும் சர்க்கரையும் சேர்ந்து, குடலுக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மலம் இளகுகிறது, பருமன் கூடுகிறது, குடல் அசைந்து அதை முன்னே தள்ளுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இன்றிரவு குடிக்கும் மருந்து இளக்குவது, இனிமேல் உருவாகப்போகும் மலத்தை. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் மூன்று நாளாக வறண்டு கிடக்கும் மலத்தை அது சுலபத்தில் தொட முடியாது. முதலில் மருந்து பெருங்குடலின் ஆரம்பத்தை எட்ட வேண்டும், அதற்கே சில மணி நேரம் ஆகும். பிறகு நொதித்தல் நடக்க வேண்டும். இளகிய மலம் பெருங்குடல் முழுவதையும் கடந்து ஆசனவாய்க்கு வர வேண்டும். நல்ல ஆரோக்கியமாக இருப்பவருக்கே இந்தப் பயணத்துக்கு ஒரு நாளுக்கு மேல் பிடிக்கலாம். மலச்சிக்கல் உள்ளவருக்கு குடலே மெதுவாக நகர்வதால் இன்னும் கூடுதலாகும். மருந்துடன் வரும் தகவல் தாளிலும், பலன் தெரிய 24 முதல் 48 மணி நேரம் ஆகலாம், சிலருக்கு 2, 3 நாள் ஆகலாம் என்றுதான் இருக்கும். ஆகவே செவ்வாய்க்கிழமை காலை வந்த மலத்தை வைத்துத் திங்கள் இரவு குடித்த அளவை எடைபோட முடியாது. வியாழக்கிழமை வரை பொறுத்தால்தான் அந்த அளவு போதுமா போதாதா என்று சொல்ல முடியும்.

அளவு என்று பேசும்போது மில்லிக் கணக்கையும் தெளிவாக வைத்துக்கொள்வது நல்லது. கடைகளில் கிடைக்கும் சிரப் பெரும்பாலும் 15 மில்லியில் 10 கிராம் லாக்டுலோஸ் இருக்கும்படி தயாரிக்கப்படுகிறது. பாட்டில் லேபிளில் இது எழுதியிருக்கும், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 30 மில்லியில் ஆரம்பிப்பது வழக்கம். இரவில் ஒரே வேளையாகவோ, காலை இரவு என இரண்டு வேளையாகவோ கொடுப்பார்கள். பாட்டிலோடு வரும் கோடு போட்ட மூடியால்தான் அளக்க வேண்டும். சமையலறைக் கரண்டிகள் வீட்டுக்கு வீடு அளவு மாறும். 5 மில்லி கூட்டுவதும் குறைப்பதும்தான் இந்த மருந்தில் முக்கியமான நுணுக்கம் என்பதால், ஒரு நாள் குழிக் கரண்டி, மறுநாள் டீஸ்பூன் என்று மாற்றி ஊற்றினால் கணக்கே பிசகிவிடும். தித்திப்பாகவும் பிசுபிசுப்பாகவும் இருப்பதால் குடிக்கப் பிடிக்காதவர்கள் தண்ணீரிலோ பழச்சாற்றிலோ கலந்து குடிக்கலாம். வாயிலேயே வைத்துக்கொண்டிருக்காமல் விழுங்கிவிட வேண்டும், பல்லுக்கு நல்லது. வெயில் காலத்தில் சிரப்பின் நிறம் கொஞ்சம் அடர்ந்து மஞ்சளாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். சர்க்கரைக் கரைசலுக்கு அது இயல்பு, மருந்தின் பலன் குறையாது.

இனி ஒருவரை எடுத்துக்கொண்டு நாள்வாரியாகப் பார்ப்போம். புரிவதற்காக அமைத்த உதாரணம்தான் இது, ஆனால் இதில் வருவதெல்லாம் அன்றாடம் நடப்பவை. 67 வயது அம்மா ஒருவர். மூட்டு வலி இருப்பதால் நடமாட்டம் குறைவு. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும், எலும்புக்குக் கால்சியம் மாத்திரையும் சாப்பிடுகிறார். இவை இரண்டுமே மலத்தை இறுக்கக்கூடியவை. நான்கு நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறது, அதுவும் ஆட்டுப் புழுக்கை மாதிரி, முக்கி முக்கி. மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தினமும் இரவு 15 மில்லி எழுதிக் கொடுத்தார். "வியாழக்கிழமை வரைக்கும் அளவை மாத்தாதீங்க. அதுக்கப்புறமும் சரியா போகலைன்னா காலையில 10 மில்லி சேத்துக்குங்க" என்றும் சொல்லி அனுப்பினார்.

திங்கள் இரவு முதல் வேளை. செவ்வாய் காலை ஒன்றுமில்லை. மதியத்துக்கு மேல் வயிற்றில் உருட்டல், காற்று பிரிந்தது. புதன்கிழமையும் மலம் வரவில்லை. வயிறு கொஞ்சம் உப்பினாற்போல் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் விசாரித்தாள்.

"என்னம்மா, ரெண்டு நாளாச்சே, இன்னும் போகலையா? இன்னொரு மூடி சேத்துக் குடிச்சிடுங்க."

"வேண்டாம் தாயி. டாக்டர் வியாழன் வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்கார். வயிறு உருளுது, அப்ப உள்ள ஏதோ நடக்குதுன்னுதானே அர்த்தம்?"

அவர் சொன்னது சரி. மருந்து பெருங்குடலை எட்டிவிட்டது, பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கிவிட்டன என்பதற்கு அந்த உருட்டலும் காற்றும்தான் முதல் தகவல். வியாழன் காலை கொஞ்சம் முக்கியபின் வெளிக்குப் போயிற்று. முதலில் கெட்டி உருண்டைகள், அவை ஏற்கெனவே தேங்கிக் கிடந்தவை. அதன் பின்னால் வந்தது ஓரளவு ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது, ஆனாலும் கட்டிதான். பலன் ஆரம்பித்திருக்கிறது, போதவில்லை. மருத்துவர் சொன்னபடி வெள்ளிக்கிழமை காலையிலிருந்து 10 மில்லி சேர்த்தார். காலை 10, இரவு 15, ஆக மொத்தம் 25.

மறுபடியும் அதே காத்திருப்பு. வெள்ளியும் சனியும் அளவில் கை வைக்கவில்லை. சனிக்கிழமை ஒருமுறை போனது, முக்கல் குறைவு. ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் காலையில் வழவழப்பாக, ஒரே கட்டாக, சிரமமில்லாமல் போனது. இந்த இடத்தில் 25 மில்லி என்பது அவருக்கு ஏற்ற அளவு என்று தோன்றும். செவ்வாய்க்கிழமை இரண்டு முறை போனது, இரண்டாவது முறை கூழாக. புதன் மூன்று முறை, அவசரமாக ஓட வேண்டியிருந்தது. தேங்கியிருந்த கட்டி மலமெல்லாம் வெளியேறி வழி திறந்துவிட்டதால், அதுவரை போதாமலிருந்த அளவு இப்போது மிஞ்சுகிறது. இது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. சிக்கலை அவிழ்க்கத் தேவைப்படும் அளவைவிட, அவிழ்ந்தபின் சீராக வைத்திருக்கத் தேவைப்படும் அளவு பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும்.

மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வியாழக்கிழமை காலை 10-ஐ 5 ஆக்கினார், மொத்தம் 20. அன்று முழுவதும் இன்னும் இளக்கமாகத்தான் போனது. பலர் தடுமாறுவது இங்கேதான். குறைத்தும் நிற்கவில்லையே என்று அன்றைக்கே முழுசாக நிறுத்திவிடுவார்கள். கூட்டியதன் பலன் தெரிய இரண்டு நாள் ஆனது போலவே, குறைத்ததன் பலன் தெரியவும் இரண்டு நாள் ஆகும். முந்தைய நாட்களில் குடித்தது இன்னும் குடலுக்குள் இருக்கிறது. அந்த அம்மா பொறுத்தார். சனிக்கிழமையிலிருந்து தினம் ஒருமுறை, அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், மெத்தென்று போக ஆரம்பித்தது. 20 மில்லியில் நிலைத்தார்.

இதே அம்மா பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்டு செவ்வாய் 30, புதன் 45 என்று ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூன்று நாள் மருந்தும் சேர்ந்து வியாழன், வெள்ளியில் வேலை செய்திருக்கும். பேதியாகி, உடம்பு தளர்ந்து, மருந்தை நிறுத்தியிருப்பார். பெருங்குடல் முழுவதும் காலியாகிவிட்டால் அது மறுபடி நிரம்பவே இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த நாட்களில் மலம் வராததும் இயல்பு. அதை மலச்சிக்கல் திரும்பிவிட்டது என்று எண்ணி மறுபடி பெரிய அளவில் ஆரம்பித்திருப்பார். சிக்கலும் பேதியும் மாறி மாறி வருகிறது என்று சொல்பவர்களை விசாரித்துப் பார்த்தால், பாதிக் கதை இந்தக் காலிக் குடலில்தான் இருக்கும் என்பது என் கருத்து. பேதியானபின் வரும் இரண்டு வெறுமையான நாட்களைக் கண்டு பதற வேண்டாம்.

கூட்டுவதா குறைப்பதா என்பதை எதை வைத்து முடிவு செய்வது? தினமும் போகிறதா என்பதை மட்டும் பார்ப்பது போதாது. ஒருநாள் விட்டு ஒருநாள் போவது பலருக்கு இயற்கை. மலத்தின் வடிவம்தான் நம்பகமான அடையாளம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உருவான ஓர் அட்டவணையை உலகம் முழுவதும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். மலத்தை அதன் வடிவப்படி ஏழு வகையாகப் பிரித்திருப்பார்கள். 1 என்பது தனித்தனிக் கெட்டி உருண்டை, 2 என்பது அந்த உருண்டைகள் ஒட்டிய கட்டி, 7 என்பது வெறும் தண்ணீர். நடுவில் உள்ள 3-உம் 4-உம், அதாவது மேலே லேசான வெடிப்புள்ளதும் முற்றிலும் வழவழப்பானதும்தான் நமக்கு வேண்டியவை. காலண்டரிலேயே அந்தந்தத் தேதியில் குடித்த மில்லியையும் இந்த எண்ணையும் குறித்துவைத்தால், அளவை மாற்றும் நாள் எது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். மூன்று நாள் தொடர்ந்து 1 அல்லது 2 என்றால் ஒரு படி கூட்டலாம். 6 என்று இரண்டு நாள் வந்தால் ஒரு படி குறைக்கலாம். 7 என்று தண்ணீராகப் பலமுறை போனால், அன்றைய மருந்தை விட்டுவிட்டு நீராகாரம் குடித்து, அடங்கியபின் முன்பிருந்ததைவிடக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். ஒரு படி என்பது 5 முதல் 10 மில்லி. ஒரே தடவையில் இரட்டிப்பதும் பாதியாக வெட்டுவதும் பெரும்பாலும் தேவைப்படாது.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இந்த மருந்தைக் கைவிடுவது அதனால்தான். நொதித்தல் நடந்தால் காற்று உண்டாகவே செய்யும். ஆரம்ப நாட்களில் உப்புசமும் காற்றும் கூடுதலாக இருந்து, பல பேருக்குச் சில நாட்களில் தணிந்துவிடும். தாங்க முடியவில்லை என்றால் மருந்தை மாற்றுவதற்கு முன் அளவைக் குறைத்து 10 மில்லியில் ஆரம்பித்து, சில நாள் பழகியபின் கூட்டிப் பார்க்கலாம். ஒரே வேளையில் 20 குடிப்பதைக் காலை மாலை 10, 10 எனப் பிரித்தாலும் சிலருக்கு உப்புசம் குறையும். அப்படியும் வயிறு வலித்துப் புரண்டால், இந்த மருந்து அவருக்கு ஒத்துவரவில்லை என்று எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வேறு மருந்து கேட்பதே நல்லது. எரிச்சல் குடல் உள்ளவர்களுக்கு இப்படி ஆவது உண்டு.

அளவைக் கூட்டிக்கொண்டே போவதற்கும் ஒரு வரம்பு இருக்கிறது. பெரியவர்களுக்கு மலச்சிக்கலுக்காகக் கொடுக்கும்போது நாளொன்றுக்கு 60 மில்லிதான் உச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த எல்லையைத் தொடும்வரை வீட்டிலேயே ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. 30 மில்லியில் ஒரு வாரம் இருந்தும் மாற்றமில்லை என்றால், கேட்க வேண்டிய கேள்வி மருந்து எவ்வளவு என்பதைத் தாண்டிப் போய்விட்டது. வலிக்காக டிரமடால் போன்ற மாத்திரை எடுக்கிறாரா? அந்த வகை மருந்துகள் குடலின் அசைவையே மந்தமாக்கும், லாக்டுலோஸ் மட்டும் அங்கே போதாமல் போகலாம். தைராய்டு குறைவாக இருக்கிறதா? தண்ணீர் குடிக்கிறாரா? இந்த மருந்து குடலுக்குள் தண்ணீரை இழுத்து வைத்துக்கொண்டு வேலை செய்வது, அதனால் நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடிக்கச் சொல்வார்கள். இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறால் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு மட்டும் அவர்களுடைய மருத்துவர் சொன்ன அளவே கணக்கு.

குறைப்பதில் மிக ஆபத்தான தவறு ஒன்று உண்டு, அதை நிதானமாகச் சொல்லியாக வேண்டும். படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்கு ஆசனவாய்க்கு மேலே மலம் பெரிய கட்டியாக அடைத்துக்கொள்ளும். மேலிருந்து வரும் இளகிய மலம் அந்தக் கட்டியின் ஓரமாகக் கசிந்து வெளியே வரும். வீட்டில் பார்ப்பவர்களுக்கு அது பேதியாகத் தெரியும். மருந்து அதிகமாகிவிட்டது என்று லாக்டுலோஸை நிறுத்துவார்கள், சிலர் பேதியை நிறுத்தும் மாத்திரையும் கொடுத்துவிடுவார்கள். அடைப்பு இன்னும் இறுகும். நிஜமான பேதிக்கும் இந்தக் கசிவுக்கும் வித்தியாசம் கவனித்தால் தெரியும். மருந்து மிஞ்சியதால் வரும் பேதியில் ஒவ்வொரு முறையும் நிறையப் போகும், போனபின் வயிறு லேசாகும், அதற்கு முந்தைய நாட்களில் நல்ல மலம் வந்திருக்கும். கசிவில் கொஞ்சம் கொஞ்சமாக, பல நேரம் அவருக்கே தெரியாமல் துணியில் படும். அதற்கு முன் பல நாள் ஒழுங்கான மலமே வந்திருக்காது, வயிறு பெருத்திருக்கும், சாப்பிடப் பிடிக்காது. இப்படி இருந்தால் லாக்டுலோஸைக் கூட்டுவதும் குறைப்பதும் இரண்டும் தீர்வாகாது. மருத்துவரோ செவிலியரோ விரலால் பரிசோதித்து, எனிமா முதலானவற்றால் அடைப்பை எடுத்தபிறகுதான் இந்த சிரப்புக்கு இடம்.

குறைப்பதில் இன்னொரு வகை, எல்லாம் நன்றாக இருக்கும்போது செய்வது. அந்த அம்மாவின் விஷயத்துக்கே வருவோம். 20 மில்லியில் மூன்று வாரம் சீராகப் போனது. இதற்கிடையே ரத்தசோகை சரியாகிவிட்டதால் மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தினார். மலத்தை இறுக்கிய காரணங்களில் ஒன்று விலகிவிட்டது, குறைத்துப் பார்க்க இதுவே தக்க சமயம். முக்காமல் மெத்தென்று போகும் பழக்கம் இரண்டு முதல் நான்கு வாரம் வரை நிலைத்தபின் படிப்படியாகக் குறைப்பதுதான் வழக்கம். நான்கு நாள் நன்றாகப் போனது, போதும் என்று நிறுத்தினால் பழையபடி ஆவதற்கு வாய்ப்பு அதிகம். அவர் 20-லிருந்து 15-க்கு வந்து ஒரு வாரம் பார்த்தார், வித்தியாசமில்லை. 10-க்கு வந்து ஒரு வாரம், அப்போதும் சரியாகத்தான் போனது. 5-க்கு இறக்கிய ஐந்தாம் நாள் மறுபடி உருண்டை விழ ஆரம்பித்தது. பதறி 20-க்குத் திரும்பாமல் 10-க்கே ஏறினார். இரண்டு நாளில் சரியாயிற்று. நடமாட்டம் குறைந்த அவருக்கு 10 மில்லி தினமும் தேவைப்படுகிறது, அவ்வளவுதான். மாதக்கணக்கில் குடித்தால் குடல் சோம்பேறியாகிவிடும், மருந்துக்கு அடிமையாகிவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. இந்த சிரப் குடலின் நரம்பைத் தூண்டிவிடுவதில்லை, மலத்தில் நீரைத் தக்கவைக்கிறது. தேவையிருக்கும்வரை, மருத்துவர் அவ்வப்போது பார்த்துக்கொள்ள, குறைந்த அளவில் தொடரலாம். சிரப்போடு கூடவே குடலைத் தூண்டும் மாத்திரையும் எடுப்பவர்கள் இரண்டையும் ஒரே நாளில் குறைக்கக் கூடாது. ஒன்றைக் குறைத்து நிலைத்தபின் மற்றது. எதனால் என்ன ஆயிற்று என்று அப்போதுதான் தெரியும்.

நாள்கணக்கில் இளக்கமாகப் போவதைப் பரவாயில்லை என்று விட்டுவிடவும் கூடாது. தண்ணீரும் பொட்டாசியம் போன்ற உப்புகளும் கூடவே போய்விடும். நீர் பிரிய மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் இது தலைசுற்றலில், கால் தசைப்பிடிப்பில், சிலசமயம் இதயத் துடிப்புக் கோளாறிலேயே கொண்டுபோய் விடும். இவர்களுக்கு மருந்தைக் குறைப்பதில் இரண்டு நாள் யோசனைகூட வேண்டாம், தண்ணீராகப் போகிறது என்றதும் அன்றே குறைத்து மருத்துவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

காத்திருப்பது எல்லோருக்கும் பொருந்தாது. கடும் வயிற்று வலி, வாந்தி, வயிறு பெருத்துக் காற்றுகூடப் பிரியாத நிலை இருந்தால் அது குடலடைப்பாக இருக்கலாம். அப்போது இந்த சிரப் ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, 50 வயதுக்கு மேல் திடீரென்று மலப் பழக்கம் மாறுவது ஆகியவற்றை சிரப்பால் மூடி மறைக்காமல் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். காலக்டோசீமியா என்ற அரிய பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த மருந்து ஆகாது. நீரிழிவு உள்ளவர்கள் தித்திப்பைக் கண்டு பயப்படுவது இயல்பு. லாக்டுலோஸ் ரத்தத்தில் சேருவதில்லை என்றாலும் சிரப்பில் கொஞ்சம் வேறு சர்க்கரைகளும் கலந்திருக்கும். மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் அளவில் அது பெரும்பாலும் தொந்தரவு தராது, மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடித்தால் போதும்.

குழந்தைகளுக்கு மேலே சொன்ன மில்லிக் கணக்கு எதுவும் பொருந்தாது. வயதைப் பொறுத்து 2.5 மில்லியிலிருந்துகூடத் தொடங்குவார்கள், அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு முறை வலியோடு போன குழந்தை, அடுத்த முறை பயத்தில் அடக்கிக்கொள்ளும். அடக்குவதால் மலம் இன்னும் இறுகி மறுபடி வலிக்கும். அந்தப் பயம் மறைய வாரங்கள் ஆகும் என்பதால், மலம் சீரானபின்னும் பல வாரம் தொடர்ந்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் குறைப்பார்கள். நன்றாகப் போகிறதே என்று பெற்றோர் பாதியில் நிறுத்துவதுதான் குழந்தைகளுக்கு மலச்சிக்கல் திரும்பி வருவதற்குச் சாதாரணமான காரணம்.

கடைசியாக, வீட்டில் கல்லீரல் நோயாளி ஒருவர் இதே சிரப்பைக் குடிப்பதைப் பார்த்து யாரும் குழம்பிவிடக் கூடாது. கல்லீரல் சுருங்கியவர்களுக்கு ரத்தத்தில் அம்மோனியா ஏறி மூளை மந்தமாகாமல் இருக்கவே அதைக் கொடுக்கிறார்கள். ஒரு வேளைக்கு 30 முதல் 45 மில்லி, நாளைக்கு மூன்று நான்கு வேளை என்றுகூடப் போகும். தினமும் இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போக வேண்டும் என்பதுதான் அங்கே இலக்கு. மலம் இளகிவிட்டதே என்று மலச்சிக்கல் கணக்கில் அவருக்கு அளவைக் குறைத்தால் தூக்கக் கலக்கம், உளறல், கை நடுக்கம் என்று தொடங்கி நினைவு தப்பும் நிலைக்குப் போகலாம். அவருடைய பாட்டிலில் கூட்டுவதும் குறைப்பதும் அவரைப் பார்க்கும் மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டியது.